ஆழக் குவாரிக் குட்டையில் அடித்தண்ணீர் புரளும்போது: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் குட்டை முழுக்க வெள்ளை வயிறாக மீன் மிதக்கிறது. "யாரோ மருந்து கலந்துட்டாங்கண்ணே" என்றுதான் முதல் பேச்சு எழும். எங்கள் குட்டையிலும் அப்படித்தான் எழுந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சண்டைக்கே போயிருப்போம். மருந்தும் இல்லை, நோயும் இல்லை என்று புரிய ஒரு தெர்மாமீட்டர் போதுமாக இருந்தது.

கைவிட்ட கல் குவாரியில் கூண்டு கட்டி மீன் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 15, 20 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள அணை, ஏரி எதற்கும் விஷயம் ஒன்றுதான். ஆனால் குவாரிக்கு இரண்டு தனிக் குணங்கள் உண்டு: சுற்றிலும் பாறைச் சுவர் மறைப்பதால் காற்று தண்ணீரைக் கலக்காது, கரை சரிவாக இல்லாமல் செங்குத்தாக இறங்கும். இரண்டாவதுதான் மீனைக் கொல்கிறது. ஏன் என்று கணக்கு போடும்போது சொல்கிறேன்.

முதலில் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாக. வெயில் மேல்தண்ணீரைத்தான் சுட வைக்கும். சூடான தண்ணீர் லேசு, அதனால் மேலேயே நிற்கும். குளிர்ந்தது அடியில் கிடக்கும். இடையில் ஓரிரண்டு மீட்டருக்குள் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஒரு பகுதி இருக்கும். மீன்வளத்துறைக்காரர்கள் அதைத் தெர்மோக்ளைன் என்பார்கள், நான் இங்கே எல்லை என்றே சொல்கிறேன். நம் ஊர்ச் சூட்டில் இந்த எல்லை மிகவும் உறுதியானது. 4 டிகிரியில் உள்ள தண்ணீர் 5 டிகிரிக்குப் போனால் ஒரு கன மீட்டருக்கு 8 கிராம்தான் எடை குறையும். 29-லிருந்து 30-க்குப் போனால் கிட்டத்தட்ட 300 கிராம் குறையும். ஆகவே குளிர்நாட்டு ஏரிக்காரர் கண்டுகொள்ளாத ஒரு டிகிரி வித்தியாசம் இங்கே மூடி போட்ட மாதிரி நிற்கும்.

மூடிக்குக் கீழே வெளிச்சம் எட்டாது, பாசி வளராது, காற்றும் படாது. மேலிருந்து தீவனமும் எச்சமும் செத்த பாசியும் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். பாக்டீரியா அவற்றைத் தின்று, இருந்த ஆக்சிஜனைச் சில வாரங்களில் தீர்த்துவிடும். அது தீர்ந்தபின் தண்ணீரில் உள்ள சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். கூடவே அம்மோனியாவும் கரைந்த இரும்பும் சேரும். கோடை முழுக்க இது கீழே அமைதியாகக் கிடக்கும். வானம் மூடி, குளிர்ந்த மழை பெய்து, வாடை அடிக்கும்போது மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துப்போகும். மேலும் கீழும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் மூடி என்று எதுவும் இல்லை, லேசான காற்றே மொத்தக் குட்டையையும் புரட்டிவிடும். சுமத்ராவின் மணின்ஜாவ் ஏரியில் கூண்டு போட்டிருப்பவர்கள் இதைத் 'தூபோ' என்று நஞ்சுக்கான சொல்லால், கந்தக நஞ்சு என்றே அழைக்கிறார்கள். அங்கேயும் மழையும் காற்றும் சேரும் மாதங்களில்தான் அது வரும்.

எதை வைத்து அளப்பது

நீளக் கேபிள் உள்ள ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் நல்லது. விலை அதிகம். பாட்டிலில் கல் கட்டி இறக்கி, கயிற்றால் கார்க்கைப் பிடுங்கும் பழைய முறை 5 மீட்டர் வரை சரி. 20 மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் கார்க்கின் மேல் தண்ணீர் பத்துக் கிலோ அளவுக்கு அழுத்தும். கார்க் வெளியே வராது, சில சமயம் உள்ளே போய்விடும்.

நான் பயன்படுத்துவது 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஓஸ் 25 மீட்டர், பேட்டரி ஸ்பிரேயரில் வரும் சின்ன 12 வோல்ட் பம்பு. பம்பு புதிதாக வாங்குங்கள், மருந்தடித்த பழையது வேண்டாம். ஓஸ் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, மீட்டருக்கு ஒரு குறி போட்டு இறக்க வேண்டும். ஓஸுக்குள்ளேயே கிட்டத்தட்ட 3 லிட்டர் பழைய தண்ணீர் நிற்கும். அதனால் ஒவ்வோர் ஆழத்திலும் முதல் ஒரு வாளியைக் கொட்டிவிட்டு, அப்புறம் ஓடும் தண்ணீரிலேயே தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். வரும் வழியில் கொஞ்சம் சூடேறும், பரவாயில்லை, நமக்கு வேண்டியது மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளி.

ஆக்சிஜனுக்கு இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் சொட்டு மருந்து கிட் போதும். ஓஸ் நுனியைப் பாட்டிலின் அடியில் வைத்து, நிரம்பி நன்றாக வழியவிட்டு, குமிழி இல்லாமல் மூட வேண்டும். முதல் இரண்டு மருந்தை விட்டதுமே பாட்டிலுக்குள் தூள் தூளாக ஒரு கசடு திரளும். அது பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, பால்வெள்ளையாக இருந்தால் இல்லை. எண் தேவைப்படும்போது மட்டும் மீதிச் சோதனையை முடித்தால் போதும். முதல்முறை 12 மீட்டர் தண்ணீரில் அந்த வெள்ளையைப் பார்த்தபோது கிட் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். மேல்தண்ணீரில் போட்டதும் காப்பிப் பழுப்பாக வந்தது. இரண்டாவது மருந்து கடும் காரம், கையில் படாமல் பாருங்கள்.

இனிக் கீழே வரும் ஆக்சிஜன் எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்.

அறிகுறி: விடியலில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது, ஒன்பது மணிக்குச் சரியாகிவிடுகிறது

இது புரளல் இல்லை. தண்ணீர் அடர்பச்சையாக இருக்கும். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி இரவில் அதையே எடுத்துக்கொள்கிறது. மதியம் 10-க்கு மேல் காட்டிய தண்ணீர் விடியலில் 2 காட்டும். வெயில் ஏறியதும் மீளும். தீவனத்தைக் குறைத்து, விடியலுக்கு முந்தைய நாலு மணிநேரம் துடுப்புச் சக்கரத்தை ஓட்டினால் போதும். மதியமும் வாய் பிளந்தால் மட்டும் அடுத்தடுத்த அறிகுறிகளுக்குப் போங்கள்.

அறிகுறி: மேலே அளந்தால் 7, ஆனால் மீன் தீவனம் எடுப்பதில்லை

கூண்டு வலையின் அடித்துணியைத் தூக்கிப் பாருங்கள். கறுத்து, மோந்தால் சாக்கடை வாசம் வந்தால், எல்லை உங்கள் கூண்டுக்குள்ளேயே ஏறி நிற்கிறது. காற்றில்லாத கோடையில், பாசி அடர்ந்த குட்டையில், ஆக்சிஜன் உள்ள மேலடுக்கு 3, 4 மீட்டராகச் சுருங்குவது உண்டு. 5 மீட்டர் ஆழக் கூண்டு என்றால் மீன் மேல்பாதியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் கையெட்டும் இடத்தில் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று நினைப்பீர்கள்.

வலையின் அடிமட்டத்தில் அளவெடுங்கள். அங்கே 3-க்குக் கீழே இருந்தால் வலையைத் தூக்கிக் கட்டிவிடலாம். இட நெருக்கடி வரும்தான், எனவே ஒரு பகுதி மீனைப் பிடித்து விற்றுவிடுவது நல்லது. இது இன்னும் புரளல் இல்லை. ஆனால் புரண்டால் என்ன வரும் என்பதற்கு முன்னறிவிப்பு. அன்றைக்கே அடிவரை ஒரு முறை அளந்து குறித்து வையுங்கள்.

அறிகுறி: மழைக்குப் பிறகு நிறம் மாறி, நாற்றம் வந்து, பகலிலும் வாய் பிளக்கிறது

இதுதான் அது. பச்சையாக இருந்த தண்ணீர் சில மணிநேரத்தில் சாம்பலோ பழுப்போ ஆகும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிக் கலங்கலாக்கும். பாறையோரம் முட்டை நாற்றம் வரும். தெர்மாமீட்டரை 1 மீட்டரிலும் 15 மீட்டரிலும் வைத்தால் இரண்டும் ஒரே எண் காட்டும்.

உடனே செய்ய வேண்டியது: தீவனத்தை அறவே நிறுத்துங்கள், தின்ற மீனுக்கு மூச்சு அதிகம் தேவை. துடுப்புச் சக்கரம் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் கூண்டுகளின் பக்கத்தில் வைத்து, மேல்தண்ணீரை மட்டும் அடிக்கும்படி ஓட்டுங்கள். வலையைத் தூக்கி ஆழம் குறையுங்கள். விற்கும் அளவு மீன் இருந்தால் உயிரோடு இருக்கும்போதே பிடித்துவிடுங்கள். பாறைச் சுவரை ஒட்டிய பள்ளமான இடத்தில் நாற்றம் பலமாக இருந்தால் அங்கே இறங்கி நிற்காதீர்கள். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றம் போய்விட்டது போலத் தோன்றும். அது ஆபத்தின் அடையாளம்.

சுண்ணாம்பு மட்டும் கொட்டாதீர்கள். மீன் செத்தால் சுண்ணாம்பு என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அடியிலிருந்து இப்போது அம்மோனியாவும் சேர்ந்து வந்திருக்கிறது. தண்ணீரின் காரத்தன்மை ஏற ஏற அந்த அம்மோனியா மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாறும். மூச்சுத் திணறும் மீனுக்கு நாமே விஷத்தைக் கூட்டின மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கட்டத்தில் காப்பாற்ற முடிவது கொஞ்சம்தான். அதனால் மழைக்கு முன்பே போட வேண்டிய கணக்கைச் சொல்கிறேன். புரட்டாசிக் கடைசியில் எங்கள் 24 மீட்டர் குட்டையில் எடுத்த அளவு இது. மேல் 8 மீட்டர் வரை வெப்பம் 30-ஐ ஒட்டி, ஆக்சிஜன் சராசரி 7. 10 மீட்டரில் 27.5 டிகிரி, ஆக்சிஜன் ஒன்றரை. 12 மீட்டரிலிருந்து அடிவரை 26 டிகிரி, கிட்டில் பால்வெள்ளை. சல்பைடு கிட் அடித்தண்ணீரில் ஒன்றரை காட்டியது. கணக்குக்காக 8 மீட்டருக்குக் கீழே எல்லாம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம்.

சுவர் செங்குத்து என்பதால் ஆழமே கொள்ளளவு. 8 மீட்டர் நல்ல தண்ணீரை 24 மீட்டருக்குப் பரப்பினால் 7 × 8 ÷ 24, அதாவது 2.3. இத்தோடு போயிருந்தால் மீன் தவித்தாலும் பாதி பிழைத்திருக்கும். ஆனால் கடன் ஒன்று பாக்கி இருக்கிறது. அடி 16 மீட்டரில் ஒன்றரை என்று இருந்த சல்பைடு கலந்தபின் சராசரி 1 ஆகும். ஒரு மில்லிகிராம் சல்பைடு முழுதாக எரிய கிட்டத்தட்ட 1.9 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 2.3-லிருந்து 1.9 போனால் மிச்சம் 0.4. கட்லா, ரோகு, ஜிலேபி எதுவும் அதில் நிற்காது. இரும்பும் மீத்தேனும் எடுத்துக்கொள்வதை நான் சேர்க்கவே இல்லை.

இப்போது இதே 24 மீட்டர் ஆழம், இதே எல்லை, ஆனால் கரை சரிந்து கூம்பு மாதிரி இறங்கும் ஓர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 8 மீட்டருக்குக் கீழே இருப்பது மொத்தத் தண்ணீரில் 30 சதவீதம்தான். கலந்தால் 4.9, சல்பைடுக்கு 0.8 கழித்தால் 4.1. மீன் ஒரு நாள் தீவனம் தின்னாது, அவ்வளவுதான். அதோடு பாசன அணைகளில் அடிமதகு திறந்து கீழ்த்தண்ணீரை வருஷா வருஷம் வெளியேற்றிக்கொண்டும் இருப்பார்கள். 'அணையில் கூண்டு போட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லையே, நமக்கு மட்டும் ஏன்' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எப்போது புரளும் என்று நாள் சொல்ல முடியாது, ஆனால் நெருங்குவது தெரியும். மழைக்காலம் தொடங்கியதும் தினமும் காலையில் 1 மீட்டர், 15 மீட்டர் இரண்டு அளவு மட்டும் எடுங்கள். 4 டிகிரி இடைவெளி ஒரே நாளில் மறையாது. மேகம் மூடிய நாட்களில் ஒரு வாரம், இரண்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். மேல்தண்ணீர் குளிரக் குளிர எல்லையும் கீழே இறங்கும், அடித்தண்ணீரை அடுக்கடுக்காக விழுங்கும், அதனால் மேலே ஆக்சிஜனும் 7, 6, 5 என்று சரியும். இடைவெளி ஒரு டிகிரிக்கு வந்துவிட்டால் நான் தீவனத்தை நிறுத்தி, வலைக்காரரைக் கூப்பிட்டுவிடுவேன்.

அறிகுறி: காற்றுப் பம்பு போட்ட பிறகுதான் மோசமானது

இது நான் செய்த தவறு, சித்திரை மாதத்தில். கீழே ஆக்சிஜன் இல்லை என்று தெரிந்ததும் ஒரு கம்ப்ரஸரை வைத்து, காற்றுக்கல்லை நேராக அடிக்கு இறக்கினேன். சாதாரண புளோயர் அவ்வளவு ஆழத்துக்குத் தள்ளாது. 24 மீட்டருக்கு 2.4 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். காற்றுக்குமிழிகள் ஆக்சிஜன் கொடுப்பது கொஞ்சம், தண்ணீரை இழுத்துக்கொண்டு மேலே போவதுதான் அதிகம். மழைக்காலத்தில் வரவேண்டிய புரளலை நானே கோடையில் வரவழைத்துவிட்டேன். மூன்றாம் நாள் மேலே 2 காட்டியது. நிறுத்தினேன், மீன் பாதி தப்பியது.

அடுக்கு உருவான பிறகு காற்று விடுவதானால் கல்லை எல்லைக்குச் சற்றுக் கீழே, எங்கள் குட்டைக் கணக்கில் எட்டரை மீட்டரில், தொடங்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு அரை மீட்டர் இறக்கலாம். அரை மீட்டர் கெட்ட தண்ணீர் 8 மீட்டர் நல்ல தண்ணீரோடு கலந்தால் 7 என்பது 6.6 ஆகும், சல்பைடு தின்பது போக 6.4. பாசியும் காற்றும் அதைத் திரும்பக் கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் இறக்குமுன் மேலே விடியற்காலை அளவு 4-க்குக் கீழ் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அன்று இறக்க வேண்டாம். இந்த வேகத்தில் அடியைத் தொட இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அவசரப்பட வழி இல்லை.

இதைவிட நல்ல நேரம் தை மாதம். மார்கழிக் குளிரில் குட்டை தானாகக் கலந்து, மேலும் கீழும் ஒரே சூட்டில், ஓரளவு ஆக்சிஜனோடு இருக்கும். அப்போதே அடியில் கல்லைப் போட்டு, கோடை முடியும்வரை விடாமல் ஓட்டினால் எல்லை உருவாகவே விடாது. நடுவில் கரண்ட் பில்லுக்குப் பயந்து ஒரு மாதம் நிறுத்திவிட்டு, மறுபடி அதே ஆழத்தில் போடக் கூடாது. நான் செய்த தவறுதான் திரும்ப நடக்கும்.

செலவு குறைவான இன்னொரு வழி உண்டு: பாசனப் பம்பின் உறிஞ்சுகுழாயை அடிவரை நீட்டுவது. குழாய் 22 மீட்டரில் கிடந்தாலும் பம்பு இழுக்க வேண்டியது தண்ணீர் மட்டத்திலிருந்து பம்பு வரையுள்ள உயரமும் குழாய் உராய்வும்தான், ஆழம் பாரம் இல்லை. எப்படியும் தென்னைக்கு இறைக்கிறீர்கள் என்றால், மேலிருந்து நல்ல தண்ணீரை எடுக்காமல் அடியிலிருந்து எடுங்கள். அரை ஏக்கர் குட்டையில் நொடிக்கு 10 லிட்டர் பம்பு நாளுக்கு ஆறு மணிநேரம் ஓடினால் சுமார் 11 சென்டிமீட்டர் கெட்ட தண்ணீர் போகும். அறுபது நாளில் ஆறரை மீட்டர். ஊற்று வரத்து இல்லை என்று வைத்தால் 16 மீட்டர் அடித்தண்ணீர் ஒன்பதரையாகக் குறையும். முந்தைய கணக்கில் மிச்சம் 0.4 என்று வந்தது 1.6 ஆகும். மீன் முழுதும் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சக்கரத்தை ஓட்டிக் காப்பாற்றக்கூடிய எண். வெளிவரும் தண்ணீர் நாறும். திறந்த வாய்க்காலில் விடுங்கள், மூடிய தொட்டியிலோ கிணற்றிலோ விடாதீர்கள்.

அறிகுறி: மீன் செத்தது, மறுநாள் பரிசோதித்தால் தண்ணீர் சரியாக இருக்கிறது

இங்கேதான் மருந்து கலந்த பேச்சு வலுக்கும். புரண்ட தண்ணீரில் ஓரிரண்டு நாளில் காற்று பட்டு சல்பைடு தீர்ந்துவிடும், ஆக்சிஜனும் ஏறும், பாட்டிலில் எடுத்துப் போன தண்ணீரில் எதுவும் தெரியாது. ஆனால் வெப்பநிலை அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. மேலிருந்து அடிவரை ஒரே எண் என்றால் குட்டை புரண்டிருக்கிறது. முன்பு எடுத்த அளவு நோட்டில் இருந்தால் வாதமே இல்லை.

செத்தவை எவை என்றும் பாருங்கள். கட்லா முதலில், ரோகுவும் ஜிலேபியும் அடுத்து, ஆனால் விராலும் தேளியும் உயிரோடு இருந்தால் ஆக்சிஜன் பஞ்சம். அவை இரண்டும் மேலே வந்து காற்றையே மூச்சு வாங்கும். விரால், தவளை, தண்ணீர்ப்பூச்சி எல்லாம் சேர்ந்து செத்திருந்தால் மருந்துச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. அப்போது செத்த மீனை ஐஸில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அறிகுறி: குட்டையிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் கறுப்புக் கறை

மீன் தப்பித்தாலும் இது வரும். தொட்டிச் சுவரிலும் வெள்ளை வேட்டியிலும் கறுப்புக் கறை படிந்தால் மாங்கனீசு, செம்பழுப்பு என்றால் இரும்பு. அடியில் ஆக்சிஜன் இல்லாதபோது சேற்றிலிருந்து கரைந்தவை, காற்றுப் பட்டதும் திரும்பப் படிகின்றன. இரும்பு மணிக்கணக்கில் படிந்துவிடும், மாங்கனீசு மெதுவாகத்தான் படியும். அதனால் தெளிந்த தண்ணீர் என்று நம்பித் தொட்டியில் ஏற்றிய பிறகே கறுப்பு தெரியும். அடுக்கு பிரிந்திருக்கும் மாதங்களில் வீட்டுக் குழாயின் வாயை மிதவையில் கட்டி, மேலிருந்து 2 மீட்டரில் தொங்கவிடுங்கள். புரண்ட வாரத்தில் எந்த ஆழத்தில் எடுத்தாலும் ஒன்றுதான், அந்த ஒரு வாரம் வேறு தண்ணீர் பார்த்துக்கொள்ள வேண்டும்.